விபத்துக்குப் பின் பதிவு செய்த சாட்சி நேர்காணல்களைச் சுருக்கி எழுதுவது எப்படி: ஒரு நூற்பாலை எடுத்துக்காட்டுடன்

ஓர் ஆலையில் விபத்து நடந்த பிறகு நான்கைந்து பேரிடம் நேர்காணல் எடுத்து ஒலிப்பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகளை முழுவதுமாகத் திரும்பக் கேட்பவர்கள் மிகச் சிலரே. விசாரணைக் குழு, நிர்வாகம், தொழிற்சங்கம், பின்னாளில் வழக்கு வந்தால் வழக்கறிஞர் என எல்லோரும் படிப்பது அவற்றின் சுருக்கத்தைத்தான். எனவே சுருக்கத்தில் விடுபட்ட ஒரு செய்தி விசாரணையிலிருந்தே விடுபட்டுவிடுகிறது; சுருக்கத்தில் தவறாக இணைக்கப்பட்ட இரண்டு வாக்குமூலங்கள் ஒரே உண்மையாக நின்றுவிடுகின்றன. சாட்சிகள் எதில் ஒத்துப்போகிறார்கள், எதில் முரண்படுகிறார்கள், எதைப் பற்றி யாருமே பேசவில்லை என்ற மூன்றையும் பிரித்துக் காட்டும் சுருக்கத்தை எழுதும் முறையை இந்தக் கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

விளக்கத்துக்காக ஒரு நிகழ்வை அமைத்துக்கொள்வோம். ஒரு நூற்பாலையில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீராக்கும் கார்டிங் பிரிவில், இரவு ஷிப்டில், ஏழாம் எண் கார்டிங் இயந்திரத்தில் பஞ்சு அடைத்துக்கொள்கிறது. அதை எடுக்கக் கவரைத் திறந்து கையை விட்ட தொழிலாளியின் வலது கை விரல்கள் இரண்டு நசுங்குகின்றன. நால்வரிடம் நேர்காணல் எடுக்கப்படுகிறது: காயமடைந்தவர் (அ), பக்கத்து இயந்திரத்தை ஓட்டியவர் (ஆ), அந்த ஷிப்டின் மேஸ்திரி (இ), இயந்திரங்களைப் பழுது பார்ப்பவரும் விபத்துக்குப் பின் அழைக்கப்பட்டவருமான பிட்டர் (ஈ). இந்த இயந்திரத்தைப் பற்றி ஒரு செய்தியை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கார்டிங் இயந்திரத்தின் பெரிய உருளை மிகக் கனமானது. மோட்டாரை நிறுத்திய பிறகும், பிரேக் இல்லாத இயந்திரத்தில் அது தன் வேகத்திலேயே சில நிமிடங்கள் சுழன்றுகொண்டிருக்கும். அதனால்தான் உருளை முழுதும் நிற்கும் வரை கவர் திறக்காதபடி பூட்டு ஒன்று வைக்கப்படுகிறது.

முதலில் பதிவைப் பத்திரப்படுத்துங்கள்

மூலப் பதிவில் கை வைக்கக் கூடாது. ஒலியைக் கூட்டுவது, இரைச்சலைக் குறைப்பது, நடுவில் வெட்டுவது எல்லாம் நகலில் மட்டுமே நடக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியச் சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் அளிக்கும்போது இணைக்கப்படும் சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எழுத்து, எண் கோவை அது; கோப்பில் சிறிது மாறினாலும் அதுவும் மாறிவிடும். பதிவு கைக்கு வந்த நாளிலேயே அந்த மதிப்பைக் கணக்கிட்டு எழுதி வைத்துவிட்டால், கோப்பு பின்னர் மாற்றப்படவில்லை என்று காட்ட முடியும். விண்டோஸ் கணினியில் அதற்கான கட்டளை இது:

```
certutil -hashfile A-01.m4a SHA256
```

ஒவ்வொரு பதிவுக்கும் நேர்காணல் நடந்த நாள், நேரம், இடம், கேள்வி கேட்டவர், உடன் இருந்தவர்கள், பேசப்பட்ட மொழி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அ என்பவரின் நேர்காணல் விபத்துக்கு இரண்டு நாள் கழித்து, அவர் வலி மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது, மருத்துவமனைக் கட்டிலில் நடந்தது. ஆ என்பவர் ஒடியா பேசுபவர். அதே ஆலையில் வேறு ஷிப்டில் வேலை செய்யும் ஒருவர் மொழிபெயர்த்தார். இந்த இரண்டு குறிப்புகளும் பின்னால் மிகவும் தேவைப்படும்.

சொன்னபடியே எழுத்தில் கொண்டுவாருங்கள்

சுருக்கம் எழுதுவதற்கு முன் முழு எழுத்துப்படி ஒன்று வேண்டும். பேச்சுத் தமிழை இந்தக் கட்டத்தில் திருத்தமான உரைநடையாக மாற்றக் கூடாது. காரணம், பேச்சுத் தமிழ் எழுவாயை எளிதில் விட்டுவிடும். மேஸ்திரி, "ஆஃப் பண்ணிட்டாங்க" என்கிறார். ஒருவரை மரியாதையாகச் சொல்கிறாரா, பலரைச் சொல்கிறாரா என்பது அந்தச் சொல்லிலிருந்து தெரியாது; யார் என்பதும் தெரியாது. எழுதுபவர் தம்மையறியாமல் "காயமடைந்தவர் இயந்திரத்தை நிறுத்தினார்" என்று முடித்துவிட்டால், சாட்சி சொல்லாத ஒரு பெயர் வாக்குமூலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அதேபோல் "கவர் திறந்திருந்துச்சு" என்பதை "கவரைத் திறந்தார்" என்று மாற்றினால், சாட்சி பார்த்த ஒரு நிலை, அவர் பார்க்காத ஒரு செயலாகிவிடும்.

சரியாகக் கேட்காத இடத்தில் ஊகித்து எழுதாமல் "தெளிவில்லை" என்று நேரத்துடன் குறிக்க வேண்டும். நீண்ட மௌனம், பதிவு நிறுத்தப்பட்டுத் தொடர்ந்த இடம், நடுவில் வேறொருவர் பேசியது ஆகியவையும் எழுத்துப்படியில் இருக்க வேண்டும்.

பதிலுடன் கேள்வியையும் எழுதியே ஆக வேண்டும். 1974இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பால்மரும் நடத்திய சோதனையில், ஒரே கார் மோதல் படத்தைப் பார்த்தவர்களிடம் கேள்வியின் வினைச்சொல் மட்டும் மாற்றப்பட்டது. கார்கள் நொறுங்க மோதியதாகச் சொல்லிக் கேட்டபோது மதிப்பிட்ட வேகம், அவை ஒன்றையொன்று தொட்டதாகச் சொல்லிக் கேட்டபோது மதிப்பிட்ட வேகத்தைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தது. கேள்வியின் சொல் பதிலுக்குள் இறங்கிவிடும் என்பதால், எந்தக் கேள்விக்கு வந்த பதில் என்று தெரியாமல் ஒரு பதிலை எடைபோட முடியாது.

ஒவ்வொருவரின் வாக்குமூலத்தையும் தனியே சுருக்குங்கள்

ஒப்பிடுவதற்கு முன் நான்கு பேருக்கும் நான்கு தனிச் சுருக்கங்கள் தேவை. நான்கையும் கேட்டுவிட்டு ஒரே கதையாக எழுதும் பழக்கம் பரவலாக உள்ளது. அதை நான் முற்றாக மறுக்கிறேன். முதலில் கேட்ட கதை மனத்தில் தங்கிவிடும். அடுத்தவர்கள் சொல்வது அந்தக் கதையின் இடைவெளிகளை நிரப்பப் போய்விடும். யார் சொன்னது எது என்று பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு.

தனிச் சுருக்கத்தில் ஒரு வாக்கியம் ஒரு செய்தியை மட்டும் தாங்க வேண்டும். இறுதியில் பதிவின் நிமிடமும் வினாடியும் வர வேண்டும். அந்தச் செய்தி சாட்சிக்கு எப்படித் தெரிந்தது என்பதும் அருகிலேயே இருக்க வேண்டும்: கண்ணால் பார்த்தாரா, சத்தம் கேட்டாரா, பிறர் சொல்லித் தெரிந்ததா, அவரே ஊகித்ததா. மேஸ்திரியின் முழு வாசகம், "ஆஃப் பண்ணிட்டாங்கன்னு சொன்னாங்க." சுருக்கத்தில் இது இப்படி வர வேண்டும்: "இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்ததாகப் பிறர் சொல்லக் கேட்டதாக இ கூறுகிறார், நிறுத்தியவர் யார், தம்மிடம் சொன்னவர் யார் என்று அவர் குறிப்பிடவில்லை, அவரிடம் அது கேட்கப்படவுமில்லை (05:40)."

இன்னொரு வகைப் பதிலையும் கவனித்துப் பிரிக்க வேண்டும். "அன்று கவரைத் திறக்கும்போது உருளை நின்றுவிட்டதா?" என்ற கேள்விக்கு மேஸ்திரி, "நாங்க எப்பவும் நின்னதுக்கு அப்புறம்தான் திறப்போம்" என்கிறார் (06:20). இது வழக்கத்தைப் பற்றிய பதில். அன்றைய இரவைப் பற்றிய பதில் இல்லை. கேட்கும்போது நிறைவான பதில் போலவே ஒலிப்பதால், சுருக்கம் எழுதுபவர்கள் பலர் இதை "ஆம்" என்று குறித்துவிடுகிறார்கள். வழக்கத்தைத் தனியே எழுதி, அன்று நடந்ததைப் பற்றிய கேள்விக்குப் பதில் வரவில்லை என்றும் எழுத வேண்டும்.

ஒப்பீட்டு அட்டவணை

தனிச் சுருக்கங்கள் முடிந்த பின், விசாரணைக்குத் தேவையான கேள்விகளை வரிசைகளாகவும் சாட்சிகளை நெடுக்குப் பத்திகளாகவும் கொண்டு ஓர் அட்டவணை போடுங்கள். நம் நிகழ்விலிருந்து நான்கு வரிசைகள் மட்டும் இங்கே:

| கேள்வி | அ | ஆ | இ | ஈ |
|---|---|---|---|---|
| மோட்டார் நிறுத்தப்பட்டதா? | ஆம், தாமே நிறுத்தினார் (02:15) | கேட்கப்படவில்லை | ஆம், பிறர் சொல்லிக் கேட்டது (05:40) | தெரியாது என்கிறார் (03:05) |
| உருளை சுழன்றுகொண்டிருந்ததா? | கேட்கப்படவில்லை | ஆம், ஓடி வந்தபோது பார்த்தார் (07:42) | கேட்கப்பட்டது, அன்றைய நிலை பற்றிப் பதில் இல்லை (06:20) | தாம் வந்தபோது நின்றிருந்தது (03:30) |
| கவர்ப் பூட்டு வேலை செய்ததா? | தெரியாது என்கிறார் (08:10) | கேட்கப்படவில்லை | ஆம் (09:50) | இல்லை, ஒரு வாரமாக (06:48) |
| அடைப்பைச் சீக்கிரம் எடுக்கும்படி மேஸ்திரி சொன்னாரா? | ஆம் (04:30) | கேட்கப்படவில்லை | கேட்கப்படவில்லை | கேட்கப்படவில்லை |

எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. "தெரியாது என்கிறார்", "கேட்கப்பட்டது, பதில் இல்லை", "கேட்கப்படவில்லை" ஆகிய மூன்றும் மூன்று வேறு நிலைகள். காலிக் கட்டம் இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடும். கடைசி வரிசையைப் பாருங்கள். மேஸ்திரி அவசரப்படுத்தியதாக அ சொல்கிறார். மேஸ்திரியிடம் அதைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. "மேஸ்திரி இதை மறுக்கவில்லை" என்று எழுதினால் சொல்லளவில் அது பொய்யாகாது. ஆனால் படிப்பவர் மேஸ்திரி ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார். "அ மட்டும் கூறுகிறார், இ என்பவரிடம் கேட்கப்படவில்லை" என்பதே நேர்மையான வாசகம்.

ஒத்துப்போகும் இடங்கள்

எத்தனை பேர் ஒன்றையே சொன்னார்கள் என்று எண்ணுவதோடு நின்றுவிடக் கூடாது. அவர்கள் தனித்தனியே அந்தச் செய்தியை அறிந்தார்களா என்று பார்க்க வேண்டும். நம் நிகழ்வில் விபத்து நடந்தது அதிகாலை 2:40 என்று மூவர் சொல்வதாகத் தெரிகிறது. எழுத்துப்படியைத் திரும்பப் பார்த்தால், அ மட்டுமே அந்த நேரத்தைத் தாமாகச் சொல்லியிருக்கிறார். ஆ, இ இருவரிடமும் "2:40 மணிக்கு என்ன நடந்தது?" என்றே கேள்வி தொடங்கியிருக்கிறது, அவர்கள் அதை மறுக்காமல் மேலே பேசியிருக்கிறார்கள். ஆக, மூன்று சாட்சிகளின் உடன்பாடாகத் தோன்றியது ஒரே ஒருவரின் கூற்றுதான்.

சாட்சிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் உடன்பாட்டை உருவாக்கும். ஃபியோனா காபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே நிகழ்வை வெவ்வேறு கோணங்களிலிருந்து எடுத்த படங்களாக இருவருக்குக் காட்டி, பிறகு அவர்களைப் பேசவிட்டார்கள். அப்படிப் பேசியவர்களில் 71 விழுக்காட்டினர் தாங்கள் பார்க்காத ஒன்றையாவது பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கேட்டது நினைவோடு கலந்துவிட்டது. ஆகவே விபத்துக்கும் நேர்காணலுக்கும் இடையில் யார் யாருடன் பேசினார்கள் என்பது பதிவில் இருந்தால் சுருக்கத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் அது கேட்கப்படவில்லை என்பது வர வேண்டும்.

வலுவான உடன்பாட்டுக்கும் இந்த நிகழ்விலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஏழாம் எண் இயந்திரம் அன்றிரவு பலமுறை அடைத்துக்கொண்டது என்று ஆ தாம் பார்த்ததாகச் சொல்கிறார். ஷிப்டின் தொடக்கத்தில் அதே இயந்திரத்துக்குத் தம்மை அழைத்தார்கள் என்று ஈ சொல்கிறார். இருவரிடமும் இதைப் பற்றி நேரடியாகக் கேட்கவில்லை. வெவ்வேறு விவரங்களைத் தாமாகவே சொன்னார்கள். ஒரே வாக்கியத்தை மூவர் ஒப்பிப்பதைவிட இத்தகைய பொருத்தம் மதிப்பு மிக்கது. சுருக்கம் அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முரண்பாடுகள்

ஒரு முரண்பாட்டைக் குறிக்கும் முன், இருவரும் ஒரே பொருளைப் பற்றி, ஒரே நேரத்தைப் பற்றிப் பேசுகிறார்களா என்று சோதிக்க வேண்டும். "மிஷினை ஆஃப் பண்ணிட்டுத்தான் கவரைத் திறந்தேன்" என்கிறார் அ. "மிஷின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு" என்கிறார் ஆ. அவசரமாக எழுதப்படும் அறிக்கை இதை நேர் முரண்பாடாகக் காட்டும். காயமடைந்தவர் தம் தவறை மறைக்கிறார் என்ற எண்ணமும் அதன் நிழலில் எழும். ஆனால் அ சொல்வது மோட்டாரின் சுவிட்சைப் பற்றி. ஆ பார்த்தது சுழலும் உருளையை. மோட்டாரை நிறுத்திச் சற்று நேரத்துக்குள் கவரைத் திறந்திருந்தால் இரண்டும் உண்மையாக இருக்க முடியும். சுருக்கம் இதைத் தோற்ற முரண்பாடு என்று வகைப்படுத்தி, இரண்டும் சேர்ந்து நிற்கக்கூடிய நிலையைச் சொல்லி, அதை எது உறுதி செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். சுவிட்சை அணைத்ததற்கும் கவரைத் திறந்ததற்கும் இடையில் எவ்வளவு நேரம் ஆனது என்பதே அந்தத் திறவுகோல். அதை அ என்பவரிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கே மொழிபெயர்ப்பும் குறுக்கிடுகிறது. "மிஷின் ஓடிட்டுத்தான் இருந்துச்சு" என்பது மொழிபெயர்த்தவரின் தமிழ். ஆ ஒடியாவில் சொன்னது இயந்திரத்தையா, உருளையையா என்பது பதிவில் இருக்கிறது. முடிவை மாற்றக்கூடிய இப்படிப்பட்ட வாசகத்தை மட்டுமாவது, ஆலையோடு தொடர்பில்லாத வேறொரு ஒடியா அறிந்தவரிடம் கேட்கச் செய்து, அவர் தரும் பொருளையும் சுருக்கத்தில் சேர்க்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் அந்த விபத்தின் சாட்சியாகவோ சாட்சியின் மேலாளராகவோ இருக்கவே கூடாது. இருந்திருந்தால் அதைச் சுருக்கத்தின் முதல் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

இரண்டாம் எண் கேள்வியில் ஆ சுழன்றது என்கிறார், ஈ நின்றிருந்தது என்கிறார். இது நேர வேறுபாடு மட்டுமே: ஆ அலறல் கேட்டு ஓடி வந்தவர், ஈ பின்னால் அழைக்கப்பட்டு வந்தவர். ஒரு வரியில் முடித்துவிடலாம்.

கவர்ப் பூட்டு பற்றியது உண்மையான முரண்பாடு. "எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்கிறார் மேஸ்திரி. பூட்டு ஒரு வாரமாக வேலை செய்யவில்லை என்றும் அதைத் தாம் மேஸ்திரியிடம் சொன்னதாகவும் பிட்டர் சொல்கிறார். பொருளும் ஒன்று, காலமும் ஒன்று. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. சுருக்கம் எழுதுபவர் இங்கே யாரை நம்புவது என்று தீர்மானிக்கக் கூடாது. பிட்டருக்குப் பூட்டைப் பற்றிய அறிவு அதிகம் என்பது உண்மை. பூட்டைப் பழுது பார்க்கும் பொறுப்பு அவருடையதாக இருக்கலாம் என்பதும் உண்மை. இரண்டு கூற்றுகளையும் அவரவர் வாயில் வந்த சொற்களிலேயே சம இடம் கொடுத்து எழுதி, இதைத் தீர்க்கக்கூடிய ஆதாரங்களைப் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும்: பராமரிப்புப் பதிவேடு, உதிரிப் பாகம் கேட்டு எழுதிய சீட்டு, விபத்துக்குப் பின் எடுத்த படங்கள், பூட்டையே ஆய்வு செய்த முடிவு.

ஒரே சாட்சிக்குள் எழும் முரண்பாடு எளிதில் கண்ணுக்குத் தப்பும். அலறல் கேட்டபோது தாம், கார்டிங்குக்கு முன் பஞ்சைச் சுத்தம் செய்யும் தனிப் பிரிவான புளோரூமில் இருந்ததாக மேஸ்திரி 03:10இல் சொல்கிறார். "நான் திரும்பிப் பார்த்தப்போ அவர் கவரைத் திறந்துக்கிட்டிருந்தார்" என்று 14:35இல் சொல்கிறார். சுருக்கம் எழுதும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாக்கியத்தைச் சீராக்கும் ஆசை இயல்பாக வரும். இரண்டையும் நேரத்துடன் எழுதுங்கள். கவர் திறப்பதைப் பார்த்துவிட்டுப் புளோரூமுக்குப் போயிருக்கலாம். பிறர் சொன்னதைத் தாம் பார்த்ததாக நினைத்திருக்கலாம். எது என்பதை அவரிடமே கேட்க வேண்டும்.

இடைவெளிகள்

இடைவெளிகளைத் தேடுவதற்கு விபத்தின் கால வரிசையைப் பிடித்துக்கொண்டு நடப்பதே நல்ல வழி. அடைப்பு ஏற்பட்டது, சுவிட்ச் அணைக்கப்பட்டது, கவர் திறக்கப்பட்டது, கை உள்ளே போனது, அலறல், உருளை நின்றது, முதலுதவி. ஒவ்வொரு புள்ளியிலும் அதைப் பார்த்தவர் யார் என்று கேட்டுக்கொண்டு போனால், கை உள்ளே போன கணத்தை அ தவிர வேறு யாரும் பார்க்கவில்லை என்பதும், முதலுதவி எப்போது கிடைத்தது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை என்பதும் வெளிப்படுகின்றன.

சில இடைவெளிகள் சாட்சியின் பேச்சுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். "இன்னொரு பையன் கேன் மாத்திக்கிட்டிருந்தான்" என்று ஆ போகிற போக்கில் சொல்கிறார் (11:05). கார்டிங் இயந்திரத்திலிருந்து வரும் பஞ்சுத் திரியைப் பிடிக்கும் உருளைப் பாத்திரமே கேன். கேள்வி கேட்டவர் அதைப் பிடிக்கவில்லை. அந்தத் தொழிலாளி சம்பவ இடத்துக்கு மிக அருகில் இருந்திருக்கக்கூடிய ஐந்தாவது சாட்சி. அவரிடம் நேர்காணலே எடுக்கப்படவில்லை. பதிவு உண்டாக்கும் இடைவெளியும் உண்டு: ஈ பேசிக்கொண்டிருக்கையில் பூட்டைப் பற்றிய இடத்தில் தொலைபேசி அழைப்பு வந்து பதிவு நிறுத்தப்பட்டிருக்கிறது, நிறுத்திய நேரத்தில் என்ன பேசப்பட்டது என்பது பதிவில் இல்லை.

இறுதிச் சுருக்கத்தின் மொழி

"கூறுகிறார்" என்ற ஒரே வினைச்சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதத் தயங்க வேண்டாம். "ஒப்புக்கொண்டார்" என்றால் குற்றம் இருந்ததாகவும், "வலியுறுத்தினார்" என்றால் யாரோ நம்பவில்லை என்பதாகவும், "மழுப்பினார்" என்றால் பொய் என்பதாகவும் பொருள் ஏறிவிடும். "கவனக்குறைவால்", "விதியை மீறி" போன்ற சொற்கள் சாட்சியின் வாயிலிருந்து வந்தால் மேற்கோளில் வரலாம். சுருக்குபவரின் வாக்கியத்தில் அவற்றுக்கு இடமில்லை. கவர்ப் பூட்டுப் பகுதியின் இறுதி வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"கவர்ப் பூட்டு விபத்தின்போது வேலை செய்ததா என்பதில் இ, ஈ இருவரின் கூற்றுகள் முரண்படுகின்றன. 'எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு' என்று இ கூறுகிறார் (09:50). அவர் அன்று பூட்டைச் சோதித்தாரா என்று கேட்கப்படவில்லை. ஒரு வாரமாகப் பூட்டு வேலை செய்யவில்லை என்றும் அதை இ என்பவரிடம் தெரிவித்ததாகவும் ஈ கூறுகிறார் (06:48). தெரிவித்த நாள் கேட்கப்படவில்லை. இதற்குப் பின் பதிவு ஒருமுறை நிறுத்தப்பட்டுள்ளது. தமக்குத் தெரியாது என்று அ கூறுகிறார் (08:10). ஆ என்பவரிடம் கேட்கப்படவில்லை. பராமரிப்புப் பதிவேடு இன்னும் பார்க்கப்படவில்லை."

எழுதி முடித்த பின், நேர்காணல்களில் பங்குபெறாத ஒருவரிடம் கொடுத்து, குறிக்கப்பட்ட ஒவ்வொரு நேரத்தையும் மூலப் பதிவின் நகலில் திறந்து கேட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அவரவர் தனிச் சுருக்கத்தை மட்டும் அந்தந்தச் சாட்சிக்கு அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுங்கள். ஒப்பீட்டு அட்டவணையைக் காட்டினால் அடுத்தவரின் கூற்று அவர் நினைவுக்குள் புகுந்துவிடும். சாட்சி ஏதேனும் திருத்தினால் பழைய வாசகத்தை அழிக்காமல், திருத்தத்தை நாள் குறித்து அதன் கீழே சேர்க்க வேண்டும். "கேட்கப்படவில்லை" என்று அட்டவணையில் நிற்கும் கட்டங்களையும் மேலே கண்ட இடைவெளிகளையும் திரட்டினால் இரண்டாம் சுற்று நேர்காணலின் கேள்விப் பட்டியல் கிடைத்துவிடும். நம் நிகழ்வில் அது, கேன் மாற்றிக்கொண்டிருந்த தொழிலாளியிடம் திறந்த கேள்வியுடனும், சுவிட்சுக்கும் கவருக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பற்றி அ என்பவரிடமும், அடைப்பை எடுப்பது பற்றி அன்று என்ன சொன்னார் என்று மேஸ்திரியிடமும் தொடங்க வேண்டும்.